ஒரு நிமிடத் தகுதியுரையில் ஐம்பது வருட உழைப்பை எப்படி அடக்குவது? (ஆத்தங்குடி கல் செய்பவருக்கு)

கண்டனூர் கணக்கு:
எங்கள் வட்டாரச் சங்கத்தின் ஆண்டு விழா அடுத்த மாதம் காரைக்குடியில் நடக்கிறது. ஒன்பது பேருக்கு விருது. ஒவ்வொருவரையும் பற்றி மேடையில் தகுதியுரை வாசிக்க வேண்டும், ஆளுக்கு ஒரு நிமிடம்தான் என்று தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். கணக்கு எழுதும் என்னிடம் இந்த வேலையும் வந்து சேர்ந்தது. எட்டு பேருக்கு எப்படியோ எழுதிவிட்டேன். ஆத்தங்குடியில் தரைக் கல் செய்யும் பெரியவர் ஒருவருக்குத்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். அவர் மகன் நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் சுருக்கியது இது:

"செட்டிநாட்டு மண்ணின் மைந்தர், கலைக்காவலர், பண்பின் சிகரம், ஆத்தங்குடி கல் கலையைத் தம் உயிர்மூச்சாகக் கொண்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அயராது உழைத்து வரும் திரு. ______ அவர்கள், இளம் வயதிலேயே இக்கலையைக் கற்றுத் தேர்ந்து, சூளையில் சுட்டெடுக்கும் வண்ணக் கற்களால் எண்ணற்ற இல்லங்களை அழகுபடுத்தி, அழிந்துவரும் நம் பாரம்பரியக் கலையை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் செல்லும் ஒப்பற்ற சேவையைப் பாராட்டி இவ்விருதை வழங்குவதில் பெருமை கொள்கிறோம்."

பெரியவர் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். எதைச் சேர்க்கலாம், எதைக் குறைக்கலாம், சொல்லுங்கள்.

புதுவயல் புலி:
நன்றாகத்தானே இருக்கிறது! ஆனால் விருதுப் பட்டியல் எங்கே? எந்தெந்த ஆண்டில் யார் கையால் என்ன வாங்கினார் என்று வரிசையாகப் போடுங்கள், அதுதான் முறை. பத்ம விருதுக்கே 800 சொல்லில் தகுதியுரை எழுதி வாசிக்கிறார்கள். ஒரு நிமிடம் என்றெல்லாம் குறுக்கக் கூடாது. தலைவரிடம் மூன்று நிமிடம் கேளுங்கள்.

ஆத்தங்குடிப் பட்டறை:
அண்ணே, முதலில் அந்தச் "சூளையில் சுட்டெடுக்கும்" என்பதை எடுத்துவிடுங்கள். எங்கள் கல்லை யாரும் சுடுவதில்லை. மேடையில் இதைப் படித்தால் முன் வரிசையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பெரியவர் மரியாதைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் மனதில் வைத்திருப்பார்.

வேலை இப்படித்தான். கண்ணாடித் துண்டைத் துடைத்து வைத்து, அதன் மேல் சட்டத்தை வைப்போம். சட்டத்துக்குள் பூ அச்சு இறங்கும். வெள்ளை சிமெண்டும் மணலும் ஆக்சைடு பொடியும் தண்ணீரில் கரைத்து, அச்சின் ஒவ்வொரு அறைக்கும் அதற்குரிய நிறத்தைக் கரண்டியால் ஊற்றுவோம். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும், கலந்துவிடக் கூடாது. கை நடுங்கினால் அங்கேயே பூ கலைந்துவிடும். அப்புறம் அதன் மேல் உலர்ந்த சிமெண்டு மணல் தூவுவோம், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் குழைத்த கலவையை வைத்து அமுக்கி மட்டம் செய்வோம். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்கும். கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்புதான் கல்லுக்குப் பளபளப்பு. பாலிஷ் கிடையாது, நெருப்பு கிடையாது.

கண்டனூர் கணக்கு:
நல்ல வேளை கேட்டேன். மகன் கொடுத்த தாளில் சூளை என்று இல்லை, நானாகச் சேர்த்தது.

மேடைவாசி:
ரொம்ப வருடமாகக் காரைக்குடிப் பக்கத்து விழாக்களில் நிகழ்ச்சித் தொகுப்பு செய்கிறேன். பட்டமளிப்பு விழாக்களிலும் வாசித்திருக்கிறேன். வாசிக்கிறவன் பக்கமிருந்து சொல்கிறேன்.

முதலில் அளவு. மேடையில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 80, 90 சொல்தான் போகும். பெயர் வரும் இடத்தில் கைதட்டல் விழும், அதற்கும் சில விநாடி விட வேண்டும். உங்கள் வரைவு சொல் கணக்கில் அடங்குகிறது. ஆனால் முழுவதும் ஒரே வாக்கியம். முதல் வரியில் மூச்சை இழுத்தால் கடைசி வரியில்தான் விட முடியும். நான் வாசித்தால் நடுவில் எங்காவது வெட்டுவேன், நான் வெட்டும் இடம் தப்பான இடமாகவே இருக்கும். ஆறேழு குட்டி வாக்கியமாக உடையுங்கள்.

புதுவயல் புலி சொல்வது போல ஆண்டு வரிசை போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். தாளில் 1974 என்பது நாலே இலக்கம். வாயில் அது "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு". அப்படி ஐந்து ஆண்டு வந்தால் உங்கள் நிமிடத்தில் கால்வாசி போய்விடும், கேட்கிறவர்களுக்கு ஒன்றும் நிற்காது. அமைப்புகளின் பெயரும் அப்படியே. "அகில இந்திய" என்று தொடங்கும் பெயர் இரண்டு வந்தாலே மூச்சு முட்டும்.

பத்ம விருது விஷயத்தில் புலி பாதி சரி. 800 சொல் என்பது பரிந்துரை அனுப்பும்போது இணையதளத்தில் நிரப்பும் விவரத்துக்கான உச்ச வரம்பு, தேர்வுக் குழு படிப்பதற்கு. விருது வழங்கும் அரங்கில் அவ்வளவையும் வாசிப்பதில்லை. ஒவ்வொருவரைப் பற்றிய குறிப்பும் அன்றைக்கு வெளியிடும் சிறு புத்தகத்தில் இருக்கும். நீங்களும் அந்த வழியைப் பிடிக்கலாம். மகன் கொடுத்த நாலு பக்கத்தை விழா மலரில் போடுங்கள். பட்டியலெல்லாம் அங்கே போகட்டும், குடும்பத்துக்கும் மனக்குறை இருக்காது.

புதுவயல் புலி:
சரி, 800 பற்றி நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் விருது வாங்கியவரின் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போடாமல் வாசிப்பது மரியாதைக் குறைவு. அந்த ஒன்பது பேரில் பத்மஸ்ரீ யாராவது இருந்தால் "பத்மஸ்ரீ இன்னார்" என்றுதான் தொடங்க வேண்டும்.

மேடைவாசி:
அதுவும் கூடாது. பத்ம விருது பட்டம் அல்ல, பெயருக்கு முன்னும் பின்னும் போடக் கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் பாலாஜி ராகவன் வழக்கில் சொல்லிவிட்டது. அழைப்பிதழ்களில் எல்லோரும் போடுகிறார்கள், அது வேறு. "பத்மஸ்ரீ விருது பெற்றவர்" என்று வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்வதில் தடை ஒன்றும் இல்லை.

கல்லல் ராசா:
இங்கே ஆத்தங்குடி கல் பற்றி ஓடுவதால் கேட்கிறேன். எங்கள் வீட்டு முகப்பில் பழைய கல் நாலைந்து பெயர்ந்துவிட்டது. அந்தப் பெரியவர் சில்லறையாகச் செய்து தருவாரா? சதுர அடிக்கு என்ன வாங்குகிறார்?

கண்டனூர் கணக்கு:
ராசா, இது விலை விசாரிக்கிற இழை இல்லை. ஆனாலும் தருவார். பழைய கல்லுக்கு ஜோடி செய்வதுதான் அவர் முக்கியமான வேலையே. உடைந்த துண்டைக் கொண்டுபோனால் அதே பூ, அதே நிறத்தில் செய்து தருவார் என்று மகன் எழுதியிருக்கிறார்.

மேடைவாசி:
கணக்கு சார், ராசாவுக்குச் சொன்னீர்களே, அதுதான் உங்கள் தகுதியுரை. அதை ஏன் வரைவில் விட்டீர்கள்?

கண்டனூர் கணக்கு:
அது நாலாவது பக்கத்தில் ஒரு ஓரமாக இருந்தது. முதல் பக்கம் முழுக்க அவர் வகித்த பொறுப்புகள்தான். கோவில் திருப்பணிக் குழு, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழகம், இப்படி.

மேடைவாசி:
குடும்பம் எழுதினால் அப்படித்தான் வரும். வீட்டில் தினமும் பார்க்கிற வேலை அவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. வெளியில் கிடைத்த பதவிதான் பெரிதாகத் தெரியும். அதனால் எழுதுவதற்கு முன் அதே தொழிலில் இருக்கும் இன்னொருவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "உங்களால் முடியாத எந்த வேலைக்கு இவரிடம் ஆள் அனுப்புவீர்கள்?" பட்டறைத் தம்பி இங்கேயே இருக்கிறார். அவரே சொல்லட்டும்.

ஆத்தங்குடிப் பட்டறை:
நிறம் சேர்ப்பதற்குத்தான் அனுப்புவோம். புதுப் பூ நாங்களும் நன்றாகச் செய்வோம். பழைய வீட்டுக் கல்லுக்கு ஜோடி சேர்ப்பது தனி வித்தை. ஆக்சைடு கலவை ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம், வெளுத்துவிடும். ஊற்றும்போது ஈரத்தைத்தான் பார்க்கிறோம், வேண்டியது காய்ந்த நிறம். இதோடு, பழைய கல் பல வருடம் மிதிபட்டு, வளவுப் பக்கம் இருந்தால் வெயிலும் பட்டு நிறம் மாறியிருக்கும். அதனால் முதலில் செய்தபோது போட்ட அளவையே போட்டாலும் சேராது, இன்றைய நிறத்துக்குத்தான் சேர்க்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு கல் ஊற்றி, தொட்டியில் போட்டு, காயவைத்துத் தரையில் வைத்துப் பார்க்கணும். தப்பினால் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் போகும். நாங்கள் நாலு தடவை ஊற்றுவோம். அவர் ஈரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார், "கொஞ்சம் மஞ்சள் பத்தலை" என்று.

இன்னொன்றும் சொல்லணும். "அழிந்துவரும் கலை" என்று போடாதீர்கள். ஊரில் எத்தனை பட்டறை ஓடுகிறது என்று வந்து பாருங்கள். ஓட்டல்காரர்களும் வெளியூரில் வீடு கட்டுகிறவர்களும் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். மேடையில் அழிகிறது அழிகிறது என்று சொல்லிச் சொல்லியே எங்கள் பையன்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறீர்கள்.

தேவகோட்டை ஆச்சி:
என் கதையையும் சொல்கிறேன். எங்கள் அப்பா தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடம் முன்னால் ஓர் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. பெயரைச் சொல்ல வேண்டாம். "கல்விப் பணியில் தன்னலம் கருதாது சிறந்து விளங்கியவர்" என்று வாசித்தார்கள். அடுத்து வந்தவர் ஒரு டாக்டர். அவருக்கு "மருத்துவப் பணியில் தன்னலம் கருதாது சிறந்து விளங்கியவர்". மூன்றாவது ஆள் வரும்போது கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சால்வையை மடித்து வைத்துவிட்டு, "இவங்க என் பள்ளிக்கூடத்துப் பக்கமே வந்திருக்க மாட்டாங்க" என்றார். கணக்குப் பரீட்சையில் தோற்ற பிள்ளைகளை ராத்திரி வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார். அதை ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

கல்வெட்டுக் கிறுக்கன்:
இந்த வழக்கம் நமக்குப் புதிதா என்ன? பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பத்துக்கும் பின்னால் வரும் பதிகத்தைப் பாருங்கள். அரசன் யார் மகன், என்ன செய்தான், பாடிய புலவர் யார், அவர் பெற்ற பரிசு என்ன, அரசன் எத்தனை ஆண்டு இருந்தான், அவ்வளவும் சில அடிகளில் அடங்கிவிடும். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் 58 ஆண்டு வீற்றிருந்தான் என்று முடியும். குமட்டூர்க் கண்ணனார் பாடியது. அப்புறம் சோழர் மெய்க்கீர்த்தி. ராஜராஜன் கல்வெட்டில் "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று அலங்காரமாகத் தொடங்கினாலும், உடனே "காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்று செய்த காரியத்துக்கு வந்துவிடுவார்கள். அதற்கப்புறம் பிடித்த நாடுகள்தான். அலங்காரம் ஓரிரு அடி, மீதி காரியம். உங்கள் வரைவில் அலங்காரம் முடிவதற்குள் நிமிடம் முடிந்துவிடுகிறது.

புதுவயல் புலி:
மெய்க்கீர்த்தி ஆட்சி ஆண்டு ஏற ஏற நீளும், அதையும் சொல்லுங்கள்! நான் சொன்ன பட்டியல் முறைதானே அது?

கல்வெட்டுக் கிறுக்கன்:
நீளும்தான், ஒத்துக்கொள்கிறேன். ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியைப் படித்தால் மூச்சு வாங்கும். ஆனால் அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள், நின்று படிக்கலாம். நீங்கள் சொல்வது விழா மலருக்குப் பொருந்தும்.

மேடைவாசி:
நம் ஊரிலேயே ஓர் உதாரணம். அழகப்பச் செட்டியாரைப் பற்றி மேடையில் வருகிறவர்கள் எல்லாம் "வள்ளல்" என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தச் சொல் காதில் பட்டு நழுவிவிடும். நான் ஒருமுறை இப்படி வாசித்தேன்: "மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார்." வள்ளல் என்று சொல்லவே இல்லை, கூட்டம் தானாகக் கைதட்டியது. ஆண்டு ஒன்றே ஒன்று வந்தது, அது வர வேண்டிய இடம் என்பதால் உறுத்தவில்லை.

இன்னொரு விஷயம். கணக்கு சார், உங்கள் விழாவில் சட்டம் போட்ட வாழ்த்து மடலும் கொடுக்கிறீர்களா? அது அவரை நேரே பார்த்து "தாங்கள்" என்று பேசும், அலங்காரம் அதில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், வீட்டுச் சுவரில் மாட்டப்போவது. தகுதியுரை கூட்டத்துக்கு அவரைப் பற்றிச் சொல்வது, "இவர்" என்றுதான் போக வேண்டும். இரண்டையும் குழப்பி ஒரே தாளை இரண்டுக்கும் வைக்கிறார்கள், அதனால்தான் இரண்டும் கெடுகிறது.

கண்டனூர் கணக்கு:
மடலும் உண்டு. பழைய வரைவை அதற்கு வைத்துக்கொள்கிறேன், சூளையை மட்டும் எடுத்துவிட்டு. தகுதியுரைக்குப் புதிதாக எழுதியது:

"ஆத்தங்குடி கல்லுக்குச் சூளை இல்லை. கண்ணாடியின் மேல் கையால் ஊற்றும் நிறமே அதன் பூ. அந்தப் பூவை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஊற்றி வருபவர் ஆத்தங்குடி திரு. ______ அவர்கள். பழைய வீட்டுத் தரையில் ஒரு கல் உடைந்தால், அதன் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்து, பக்கத்துக் கல்லோடு சேரும் நிறத்தில் புதுக் கல் செய்து தருவார். காய்ந்த பின் நிறத்தைத் திருத்த முடியாது. இவர் ஈரத்திலேயே அதைக் கணிப்பவர். இவரிடம் வேலை பழகியவர்கள் இன்று தனிப் பட்டறை நடத்துகிறார்கள். கண்ணாடி துடைப்பது முதல் கல்லைத் தொட்டியில் இறக்குவது வரை உடன் உழைத்தவர் இவர் மனைவி. திரு. ______ அவர்களுக்கு இவ்விருதை வழங்குகிறோம்."

கைபேசியில் நேரம் பார்த்தேன். நிமிடத்துக்குள் முடிகிறது, கைதட்டலுக்கும் இடம் இருக்கிறது.

ஆத்தங்குடிப் பட்டறை:
இப்போது எங்கள் ஊர்க்காரர் மாதிரி இருக்கிறது. மனைவியைப் போட்டது ரொம்பச் சரி. கண்ணாடியில் தூசி இருந்தால் கல்லில் அப்படியே விழும், அந்த வேலையை எங்கள் ஊரில் பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள்.

மேடைவாசி:
நல்ல வடிவம். முதல் வரியைக் கொஞ்சம் யோசியுங்கள். "சூளை இல்லை" என்று இல்லாததில் தொடங்குகிறது. தெரியாதவர்களுக்கு அது ஆர்வத்தைக் கிளப்பும், தெரிந்தவர்களுக்கு எதற்கு இது என்று தோன்றும். அன்றைக்கு வருகிற கூட்டம் யார் என்பதைப் பொறுத்தது. எனக்கென்றால் இரண்டாவது வரியில் தொடங்குவேன்.

வாசிக்கிறவருக்குக் கொடுக்கும்போது பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் அச்சடியுங்கள். பெயர் இரண்டு வரியில் உடையக் கூடாது. பெயரை வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி மகனை ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் முக்கியமாக, வாசித்து முடிக்கும் வரை சால்வையை யாரும் எடுக்கக் கூடாது. போட்டோக்காரர் குறுக்கே வந்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். பெரியவரை நாற்காலியிலேயே உட்கார வையுங்கள். கடைசி வரியில் பெயர் வரும்போது எழுந்தால் போதும். இரண்டு தடவை பெயர் வருவதால் முதல் தடவையே அவர் எழுந்துவிடுவார், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள்.

கண்டனூர் கணக்கு:
தலைவரிடம் காட்டினேன். எல்லாம் பிடித்திருக்கிறது, மனைவி வரியை மட்டும் எடுக்கச் சொல்கிறார். மற்ற எட்டு பேருக்கும் மனைவி கணவர் பற்றி இல்லை, ஒருவருக்குப் போட்டால் மற்றவர்கள் கேட்பார்கள் என்கிறார்.

மேடைவாசி:
அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மலரில் விரிவாகப் போட்டுவிடுங்கள். மேடையில் ஒரே அளவுகோல் இருப்பது நல்லது.

தேவகோட்டை ஆச்சி:
இதில் நான் ஒத்துக்க மாட்டேன். மற்றவர்களுடைய மனைவிமார் அந்தத் தொழிலில் கூட நின்று வேலை பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். பார்த்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வரி போடுங்கள். இது குடும்ப நன்றி சொல்வது இல்லை, அந்தக் கல்லில் பாதி அவர் கைவேலை. மலரை எத்தனை பேர் பிரித்துப் படிக்கப்போகிறார்கள்?

ஆத்தங்குடிப் பட்டறை:
ஆச்சி சொல்வதுதான் சரி. வரி போகணும் என்றால் "இவரிடம் பழகியவர்கள்" வரியை எடுங்கள். நானும் அதில் ஒருத்தன்தான், எனக்கு வருத்தம் இல்லை.

புதுவயல் புலி:
இருவரையும் சேர்த்து மேடைக்குக் கூப்பிட்டு ஒரே விருதை இருவர் கையிலும் கொடுத்தால் என்ன? எழுதவே வேண்டாம்.

கண்டனூர் கணக்கு:
புலி, இது ஒன்றுதான் தலைவர் ஒத்துக்கொள்ளக்கூடியது போலத் தெரிகிறது. ஆனால் பெரியவர் மனைவி ஏன் மேடையில் நிற்கிறார் என்று கூட்டத்துக்குத் தெரிய வேண்டாமா? அதற்கு அந்த வரி வேண்டும். நாளைக்குக் குழுக் கூட்டம் இருக்கிறது, மறுபடி கேட்கிறேன். அந்த அம்மாவிடமும் மேடைக்கு வருவார்களா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கல்லல் ராசா:
நான் நேற்று துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் ஆகும் என்றார். விலையையும் சொன்னார், பரவாயில்லை. துண்டை வாங்கி நனைத்துப் பார்த்து, இது வெயில் பட்ட இடமா என்று கேட்டது அந்த அம்மாதான்.